ஆயிரத்துக்கு 13.8 என்றால் நம் வார்டில் எத்தனை குழந்தைகள்? பிறப்பு விகிதத்தை எண்ணிக்கையாக மாற்றும் வழி

தண்டையார்பேட்டையில் எங்கள் பகுதி நலச்சங்கம் பிறந்த குழந்தைகளுக்குக் கொசுவலை கொடுக்கத் தீர்மானித்தபோது, நன்கொடை கேட்டு எழுதும் கடிதத்தில் ஓர் ஆண்டுக்கு எத்தனை வலை வேண்டும் என்ற எண்ணைச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க எனக்கு ஏறத்தாழ இரண்டு மாதம் ஆயிற்று. அதற்குள் இரண்டு தவறான எண்களை எழுதி, அவற்றில் ஒன்றைக் கடிதத்திலும் சேர்த்துவிட்டேன். பால்வாடி கேட்டு மனு எழுதுகிறவர்களும், தடுப்பூசி முகாம் நடத்துகிறவர்களும், சமூகப்பணி படிக்கும் மாணவர்களும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள் என்று பின்னர் அறிந்தேன். எனவே எனக்குத் தெரிந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. முதலில் கையில் இருக்க வேண்டிய தாள்கள்

மூன்று தாள்கள் போதும். முதலாவது, இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் வெளியிடும் எஸ்.ஆர்.எஸ். அறிக்கை, அதாவது மாதிரிப் பதிவு முறையின் சிற்றறிக்கை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் இது சில பக்கங்கள்தான். நமக்கு வேண்டியது மாநிலவாரியாகப் பிறப்பு விகிதம், இறப்பு விகிதம், சிசு மரண விகிதம் ஆகியவற்றைத் தரும் அட்டவணை மட்டுமே. இரண்டாவது, உங்கள் பகுதியின் மக்கள்தொகையைச் சொல்லும் ஏதேனும் ஒரு தாள். மூன்றாவது, அந்த எண்ணைச் சரிபார்க்க உதவும் உள்ளூர்ப் பதிவேடு. அது அங்கன்வாடியின் கணக்கெடுப்பாக இருக்கலாம், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் கர்ப்பிணிப் பதிவாகவும் இருக்கலாம்.

செலவு என்று பார்த்தால் நகல் எடுப்பதற்கும் பேருந்துக்கும் ஆகும் தொகைதான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுச் செய்தால் 10 ரூபாய்க் கட்டணமும், நகல் பக்கங்களுக்கான தொகையும் சேரும். பதில் தருவதற்குச் சட்டம் 30 நாள் அவகாசம் கொடுக்கிறது. அதனால் மனுப் போடும் எண்ணம் இருந்தால் அதை முதல் வாரத்திலேயே போட்டுவிட்டு மற்ற வேலைகளைத் தொடருங்கள். நான் கடைசியில் போட்டதால்தான் ஒரு மாதம் வீணாயிற்று.

2. "ஆயிரம்" என்பது எந்த ஆயிரம் என்று பாருங்கள்

2020ஆம் ஆண்டுக்கான எஸ்.ஆர்.எஸ். அறிக்கை தமிழ்நாட்டுக்குப் பிறப்பு விகிதம் 13.8 என்றும், சிசு மரண விகிதம் 13 என்றும் சொல்கிறது. இரண்டும் ஆயிரத்துக்குத்தான். ஆனால் முதல் ஆயிரம் மக்கள்தொகையில் ஆயிரம் பேர். கைக்குழந்தை முதல் கிழவர் வரை அனைவரும் அதில் சேர்த்தி. இரண்டாவது ஆயிரம் அந்த ஆண்டில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகள்.

என் முதல் தவறு இங்கே நடந்தது. எங்கள் பகுதியில் 32,000 பேர் வாழ்வதாக எடுத்துக்கொண்டு, 32ஐ 13.8ஆல் பெருக்கி ஆண்டுக்குச் சுமார் 442 பிறப்புகள் என்று எழுதினேன். அது சரி. அதே கையோடு 32ஐ 13ஆல் பெருக்கி, ஆண்டுக்கு 416 சிசு மரணங்கள் என்றும் எழுதிவிட்டேன். பிறந்த 442 குழந்தைகளில் 416 குழந்தைகள் இறந்தன என்று பொருள்படும் அந்த வரியை நானே இரண்டு முறை படித்தும் எனக்கு உறைக்கவில்லை. கடிதத்தைச் சுகாதார நிலையத்தில் காட்டியபோது அங்கிருந்த செவிலியர்தான், "சார், இது ஆயிரம் பேருக்கா, ஆயிரம் குழந்தைக்கா, அதைப் பாருங்க" என்றார்.

சரியான கணக்கில் 442 பிறப்புகளை ஆயிரத்தால் வகுத்து 13ஆல் பெருக்க வேண்டும். விடை 5.7, அதாவது ஆண்டுக்கு ஆறு மரணங்கள் அளவில். ஆறுக்கும் 416க்கும் இடையில் நிற்பது அட்டவணையின் தலைப்பில் இருக்கும் ஒரே ஒரு சொல்தான். அதனால் எந்த விகிதத்தையும் எண்ணாக மட்டும் குறித்துக்கொள்ளாதீர்கள். "13, ஆயிரம் உயிருள்ள பிறப்புகளுக்கு, 2020, தமிழ்நாடு, மொத்தம்" என்று முழு வரியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

மகப்பேறு மரண விகிதத்தைத் தொடும்போது இன்னும் கவனம் வேண்டும். அது ஆயிரத்துக்கு அல்ல, ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்குச் சொல்லப்படுகிறது. 2018-20 காலத்துக்குத் தமிழ்நாட்டின் எண் 54. எங்கள் 442 பிறப்புகளுக்கு இதைப் பொருத்தினால் 0.24 என்று வரும். கால் மனிதர் என்று எழுத முடியாது. சராசரியாக நான்கு ஆண்டுகளுக்கு ஒரு மரணம் என்ற அளவு என்று சொல்லலாம், அல்லது இவ்வளவு சிறிய பகுதிக்கு அந்த எண்ணைப் பயன்படுத்தாமல் விடலாம். நான் விட்டுவிட்டேன்.

இன்னொரு குழப்பம் சதவீதக் குறியால் வருவது. ஆயிரத்துக்கு 13.8 என்பது நூற்றுக்கு 1.38. யாரேனும் 13.8% என்று தட்டச்சு செய்துவிட்டால் உங்கள் எண்ணிக்கை பத்து மடங்கு ஊதிவிடும்.

3. மக்கள்தொகையை நிலைநிறுத்துங்கள்

விகிதம் சரியாக இருந்தாலும் மக்கள்தொகை தவறானால் விடை தவறுதான். 32,000 என்பதில் பத்து விழுக்காடு பிழை இருந்தால் பிறப்பு எண்ணிக்கையிலும் அதே பத்து விழுக்காடு பிழை வரும்.

இதை எழுதும்போது நம் கையில் இருக்கும் முழுமையான கணக்கெடுப்பு 2011ஆம் ஆண்டினுடையது. அது 2011 மார்ச் 1 அன்றிருந்த நிலையைச் சொல்கிறது. வடசென்னைக்காரர்களுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அந்தக் கணக்கெடுப்பின்போது சென்னை மாநகராட்சி 155 வார்டுகளுடன் இருந்தது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் ஆகியவை திருவள்ளூர் மாவட்டத்தில் தனி நகராட்சிகளாக இருந்தன. அதே ஆண்டின் பிற்பகுதியில்தான் அவை மாநகராட்சியோடு இணைந்து, வார்டுகள் 200 ஆயின. ஆகவே கணக்கெடுப்பு அட்டவணையில் இருக்கும் வார்டு எண்ணும் இன்று உங்கள் தெருப் பலகையில் இருக்கும் வார்டு எண்ணும் ஒரே இடத்தைக் குறிப்பதாக எண்ணிவிடாதீர்கள். எண்ணை விட்டுவிட்டு எல்லைத் தெருக்களைப் பாருங்கள்.

அதன்பின் நடந்த இடப்பெயர்வையும் கருத வேண்டும். கால்வாய்க் கரைகளிலிருந்தும் ஆற்றோரங்களிலிருந்தும் குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. பழைய வாரியக் குடியிருப்புகள் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்படும்போது சில ஆண்டுகள் அந்தத் தெருவே காலியாக இருக்கும். இத்தகைய இடங்களில் 2011 எண்ணை ஏதோ ஒரு வளர்ச்சி விகிதத்தால் பெருக்குவது பயன் தராது. நாங்கள் செய்தது எளிய வழி: பகுதியில் ஆள் வாழும் வீடுகளை நான்கு பேர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணினோம். ஒவ்வொரு தெருவிலும் சில வீடுகளில் எத்தனை பேர் என்று கேட்டு ஒரு சராசரி எடுத்தோம். 8,000 வீடுகள், வீட்டுக்கு நான்கு பேர், ஆக 32,000. தெருமுனை வீடுகளில் மட்டும் கேட்டால் கடை வைத்திருப்பவர்கள் மிகுதியாக அகப்பட்டுச் சராசரி சாய்ந்துவிடும். சந்துக்குள்ளும் மாடிக்கும் போக வேண்டும்.

முறைப்படி பார்த்தால் ஆண்டு விகிதத்துக்குரிய மக்கள்தொகை அந்த ஆண்டின் நடுவில், அதாவது ஜூலை 1 அளவில் இருப்பது. ஒரு வார்டு அளவில் இதனால் பெரிய வேறுபாடு வராது.

4. பெருக்குங்கள்

```
பிறப்புகள் = மக்கள்தொகை ÷ 1000 × பிறப்பு விகிதம்
           = 32,000 ÷ 1000 × 13.8
           = 441.6
```

முழு எண்ணாக்குவதைக் கடைசியில் மட்டும் செய்யுங்கள். அறிக்கையின் அட்டவணையில் மொத்தம், ஊரகம், நகர்ப்புறம் என்று மூன்று பத்திகள் இருக்கும். சென்னைக்கு நகர்ப்புறப் பத்தியே பொருத்தம். இங்கே விளக்கத்துக்காக மொத்த எண்ணையே வைத்திருக்கிறேன். ஆண்டையும் பாருங்கள். 2019இல் 14.2 ஆக இருந்தது 2020இல் 13.8 ஆனது. இறங்கிக்கொண்டே போகும் எண் என்பதால், பழைய அறிக்கையை வைத்துக் கணக்கிட்டால் விடை எப்போதும் சற்று மிகுதியாகவே வரும். இருப்பதில் புதிய அறிக்கையை எடுங்கள்.

இது ஓர் ஆண்டுக்கான எண் என்பதை மறந்துவிட்டு, மூன்று மாதத் திட்டத்துக்கு 442 வலை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். காலாண்டுக்கு 110 என்பதே கணக்கு. ஒரு வலை 250 ரூபாய் என்ற எங்கள் விலையில் ஆண்டுக்கு 1,10,500 ரூபாய் ஆகும். காலாண்டுக்கு 27,500 ரூபாய் வீதம் வாங்கினால் பணமும் முடங்காது, எண் தவறாக இருந்தாலும் இரண்டாம் காலாண்டில் திருத்திக்கொள்ளலாம்.

"இன்று ஒரு வயதுக்குள் எத்தனை குழந்தைகள்?" என்று கேட்டால், கடந்த பன்னிரண்டு மாதத்தில் பிறந்த 442 பேரிலிருந்து இறந்த ஆறு பேரைக் கழித்து, ஏறத்தாழ 436 என்று சொல்லலாம். வீடு மாறி வந்தவர்களும் போனவர்களும் சமமாக இருந்தால்தான் இது பொருந்தும்.

5. பிறப்புப் பதிவு எண்ணிக்கையை நேரே எடுத்துவிடாதீர்கள்

இதைத்தான் மிகவும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இது பார்ப்பதற்குச் சரியான வழிபோலத் தோன்றும். விகிதம், மதிப்பீடு என்றெல்லாம் அலையாமல், பிறப்புகளைப் பதிவு செய்யும் அலுவலகத்திலேயே எண்ணைக் கேட்டு வாங்கிவிடலாமே என்று நானும் நினைத்தேன்.

நம் நாட்டில் பிறப்பு, குழந்தை பிறந்த இடத்தில் பதிவாகிறது. தாய் எங்கே வாழ்கிறார் என்பதை வைத்துப் பதிவு அலுவலகம் முடிவாவதில்லை. ராயபுரத்தில் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வரையிலிருந்தும் அங்கே பிரசவத்துக்கு வருகிறார்கள். அந்தக் குழந்தைகள் அனைவரும் மருத்துவமனை இருக்கும் இடத்தின் கணக்கில் ஏறுகிறார்கள். அதே வேளையில் மருத்துவமனையே இல்லாத ஒரு குடியிருப்பில் வீட்டுக்கு வீடு தொட்டில் கட்டியிருந்தாலும், பதிவேட்டில் அந்த இடத்தின் பெயரில் பிறப்பு ஏறக்குறைய இருக்காது.

இதோடு நம் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போன பெண், விழுப்புரத்திலோ திருவண்ணாமலையிலோ பெற்றெடுத்து, மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையோடு கொருக்குப்பேட்டைக்குத் திரும்புவார். அந்தக் குழந்தையின் சான்றிதழ் அந்த ஊரில் இருக்கும். கொசுக்கடி மட்டும் இங்கே இருக்கும். திருமணமாகி வேறு ஊருக்குப் போன நம் பகுதிப் பெண் இங்கே தாய்வீட்டுக்கு வந்து பெற்றால், அது நம் கணக்கில் ஏறி, மூன்று மாதத்தில் நம்மை விட்டுப் போய்விடும்.

இந்தப் பிழை நேர்ந்திருக்கிறதா என்று கண்டறிய ஒரு வழி உண்டு. எண்ணிக்கையைத் திரும்ப விகிதமாக மாற்றிப் பாருங்கள். 80,000 பேர் வாழும் ஒரு பகுதியில் ஆண்டுக்கு 4,800 பிறப்புகள் பதிவானதாக வைத்துக்கொள்வோம். 4,800ஐ 80ஆல் வகுத்தால் ஆயிரத்துக்கு 60. 2020 அறிக்கையில் பெரிய மாநிலங்களுக்குள் உயர்ந்த பிறப்பு விகிதம் பீகாரின் 25.5, மிகக் குறைந்தது கேரளத்தின் 13.2. சென்னையின் ஒரு மூலையில் 60 இருக்க வழியில்லை. அங்கே ஒரு பெரிய பிரசவ மருத்துவமனை இருக்கிறது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அதுபோல ஆயிரத்துக்கு 3 என்று வந்தால், அங்கே பிரசவம் பார்க்கும் இடமே இல்லை என்று பொருள்.

எஸ்.ஆர்.எஸ். விகிதத்துக்கு இந்தக் கோளாறு இல்லை. தேர்ந்தெடுத்த மாதிரிப் பகுதிகளில் வழக்கமாகக் குடியிருப்போருக்கு நிகழும் பிறப்புகளை, அவை எங்கே நிகழ்ந்தாலும், அந்த முறை சேர்த்துக்கொள்கிறது. ஒருவர் தொடர்ந்து குறித்துவர, இன்னொருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தனியாக விசாரித்து, இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். நமக்கு வேண்டியது நம் பகுதியில் குடியிருப்போரின் குழந்தைகள் என்பதால் அந்த விகிதமே இங்கே ஏற்றது. ஆனால் அது மாநில அளவில்தான் கிடைக்கும், வார்டுக்கோ மண்டலத்துக்கோ கிடைக்காது.

பதிவு எண்ணே வேண்டும் என்றால், பிறப்பு அறிக்கைப் படிவத்தில் தாய் குடியிருக்கும் ஊரும் பெற்றோரின் முகவரியும் கேட்கப்படுகின்றன என்பதை நினைவில் வைத்து, "தாயின் குடியிருப்பு முகவரிப்படி" என்று மனுவில் தெளிவாக எழுதுங்கள். தகவல் அந்த வடிவில் தொகுக்கப்படவில்லை என்ற பதில் வரக்கூடும். எனக்கு அப்படித்தான் வந்தது. காலத்தையும் கவனியுங்கள். பிறப்பைத் தெரிவிக்க 21 நாள் இருப்பதாலும், அதற்குப் பிறகும் தாமதமாகப் பதிவு செய்வோர் உண்டு என்பதாலும், டிசம்பர் வரைக்குமான எண்ணை ஜனவரி முதல் வாரத்தில் வாங்கினால் அது குறைவாகவே இருக்கும். மார்ச் மாதத்துக்குப் பிறகு கேளுங்கள்.

6. உள்ளூர்ப் பதிவேட்டோடு ஒத்துப்பாருங்கள்

கர்ப்பிணிகள் பிக்மி எண் என்னும் அரசின் கர்ப்பப் பதிவு எண்ணைப் பெறுவதற்காகத் தாங்கள் வாழும் பகுதியின் சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவு குடியிருப்பை ஒட்டியது என்பதால் நம் தேவைக்கு நெருங்கியது. பெயர்ப் பட்டியல் கேட்காதீர்கள், கேட்கவும் கூடாது. கடந்த ஆண்டில் உங்கள் தெருக்களில் எத்தனை பதிவு என்ற எண்ணை மட்டும் எழுத்தில் கேளுங்கள். கர்ப்பங்களில் சில கலைந்துபோகும் என்பதால் பதிவு எண் பிறப்பு எண்ணைவிடச் சற்று மிகுதியாக இருப்பது இயல்பு. அங்கன்வாடி ஊழியர்களின் வீட்டுக் கணக்கெடுப்பும் நல்ல துணை. ஆயினும் பூட்டிய கதவுள்ள அடுக்குமாடிகளும் வேலைக்கு வந்து வாடகை அறையில் தங்கியிருப்போரும் அதில் விடுபட வாய்ப்புண்டு.

இந்த ஒப்பீட்டில் பெரிய இடைவெளி தெரிந்தால் வயது அமைப்பை நினைத்துப் பாருங்கள். மணலிப் பக்கம் தொழிற்சாலைகளைச் சுற்றி, குடும்பத்தை ஊரில் விட்டுவந்த ஆண்கள் அறை அறையாகத் தங்கியிருக்கும் தெருக்கள் உண்டு. அங்கே தலைகள் மிகுதி, பிறப்புகள் குறைவு. முதியவர்கள் மட்டும் தங்கிவிட்ட பழைய தெருக்களிலும் அப்படியே. மாநிலச் சராசரியான 13.8 அங்கே மிகையாகக் காட்டும். இளம் தம்பதியர் குடியேறிய புதிய குடியிருப்பில் குறைவாகக் காட்டும்.

7. எண்ணுக்குப் பக்கத்தில் அதன் ஆட்டத்தையும் எழுதுங்கள்

பிறப்பு விகிதம் மாறாமலே இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை கூடிக் குறையும். எவ்வளவு என்று அறிய, எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து இரட்டிப்பாக்கி, அதை இரு பக்கமும் வையுங்கள். 442இன் வர்க்கமூலம் 21, இரட்டித்தால் 42. ஆகவே 400 முதல் 484 வரை எந்த எண் வந்தாலும் வியப்பில்லை.

பகுதி சிறிதானால் ஆட்டம் பெரிதாகும். 2,500 பேர் வாழும் ஒரே குடியிருப்புக்கு 34.5 பிறப்புகள் எதிர்பார்க்கலாம். அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 6, எனவே 23 முதல் 46 வரை. ஓராண்டு 25 பிறந்து அடுத்த ஆண்டு 40 பிறந்தால், பிறப்பு பெருகிவிட்டது என்று யாரும் மனு எழுத வேண்டாம். சிசு மரணம் போன்ற ஒற்றை இலக்க எண்களில் இது இன்னும் கடுமை. ஓராண்டு மூன்றும் மறு ஆண்டு ஒன்பதும் ஆனால், ஒவ்வொரு மரணத்தின் காரணத்தையும் தனித்தனியே விசாரிப்பது கட்டாயம். ஆனால் விகிதம் மும்மடங்கானது என்று எழுதுவதற்கு அந்த எண்கள் மட்டும் போதா.

8. கடிதத்தில் எழுதும் வரி

எண்ணை மட்டும் எழுதினால், படிப்பவர் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பார். மூலமும் ஆண்டும் மக்கள்தொகையும் வரம்பும் ஒரே இடத்தில் இருக்கட்டும். கடைசியில் எங்கள் கடிதத்தில் நின்ற வரி இது: "எங்கள் எல்லைக்குள் 8,000 வீடுகளில் சுமார் 32,000 பேர் வாழ்கிறார்கள், 2020ஆம் ஆண்டின் எஸ்.ஆர்.எஸ். அறிக்கைப்படி தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஆயிரம் பேருக்கு 13.8 என்பதால், ஆண்டுக்குச் சுமார் 440 பிறப்புகளை, 400 முதல் 480 வரை, எதிர்பார்க்கிறோம். முதல் காலாண்டுக்கு 110 வலைகள் வேண்டும்." இதனுடன் அறிக்கையின் அந்த ஒரு பக்கத்தையும் வீடு எண்ணிய தாளின் நகலையும் இணைத்தோம்.